ஞாயிறு எக்செல்: கணக்குப் பிரிவில் வேலை செய்பவர்களுக்கான ஆன்லைன் வகுப்பு, அறிமுக மெயில்கள்

மெயில் 1: நவம்பர் 10, செவ்வாய், காலை 8 மணி
பொருள்: 38,400 ரூபாயைத் தேடிய நான்கு இரவுகள்

வணக்கம்.

தீபாவளி முறுக்கு இன்னும் டப்பாவின் அடியில் கிடக்கும். அதற்குள் நாளை GSTR-1. 14ஆம் தேதி GSTR-2B வந்துவிடும், 20க்குள் 3B போட வேண்டும். நடுவில் உள்ள அந்த ஆறு நாளும் வீட்டில் யாரும் நம்மிடம் பேச்சுக் கொடுப்பதில்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினோரு வருடம் கணக்குப் பார்த்தேன். ஒரு மாதம் எங்கள் பர்ச்சேஸ் கணக்குக்கும் 2Bக்கும் 38,400 ரூபாய் இடித்தது. நான்கு இரவு உட்கார்ந்து பில் கட்டுகளைப் பிரித்தேன். நூல்காரர், சாயப்பட்டறைக்காரர் என்று எல்லோருக்கும் போன் போட்டு, "உங்க பில்லை ஏன் ஏத்தல?" என்று சண்டையும் போட்டாயிற்று.

அவர்கள் ஒழுங்காகத்தான் ஏற்றியிருந்தார்கள். தப்பு என் ஃபார்முலாவில். அது என்ன என்று வெள்ளிக்கிழமை எழுதுகிறேன். உங்கள் ஷீட்டிலும் இருக்கலாம்.

கலைவாணி

---

மெயில் 2: நவம்பர் 13, வெள்ளி, இரவு 8 மணி
பொருள்: கடைசியில் ஒரு சைபர்

வணக்கம்.

நான் எழுதியிருந்தது இது:

```
=VLOOKUP(A2,'2B'!A:F,6)
```

பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் நான்காவது இடத்தை விட்டுவிட்டால், எக்செல் "ஏறக்குறைய பொருந்தினால் போதும்" என்று எடுத்துக்கொள்ளும். பட்டியல் வரிசைப்படி அடுக்கப்படாமல் இருந்தால் யாரோ ஒருவருடைய பில் தொகையை எடுத்து நம் பில்லுக்கு எதிரே வைத்துவிடும். சிவப்பும் காட்டாது, எச்சரிக்கையும் வராது. அதுதான் ஆபத்து. ஒரு சைபர் சேர்த்தால் தீர்ந்தது:

```
=VLOOKUP(A2,'2B'!A:F,6,0)
```

சேர்த்ததும் நாலைந்து இடத்தில் `#N/A` வரும். பயப்படாதீர்கள், இப்போதுதான் அது உண்மை பேசுகிறது. அந்த நாலைந்தில் பாதி, பில் நம்பருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளியால் வருவது. வெப் பக்கத்திலிருந்து காப்பி செய்தால் `TRIM` மட்டும் போட்டும் போகாத ஒரு வகை இடைவெளி உண்டு. அதற்கு:

```
=TRIM(SUBSTITUTE(A2,CHAR(160)," "))
```

நாளை 2B இறங்கியதும் போட்டுப் பாருங்கள். அப்புறம் எத்தனை மிஞ்சியது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

கலைவாணி

---

மெயில் 3: நவம்பர் 16, திங்கள், காலை 7 மணி
பொருள்: ஞாயிறு எக்செல், சேர்க்கை தொடங்கிவிட்டது

வணக்கம்.

இன்று உங்களுக்கு நேரம் இருக்காது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஐந்து ஞாயிறு, காலை 7 முதல் 9 வரை. முடித்துவிட்டுக் கறிக்கடைக்குப் போக நேரம் இருக்கும். நவம்பர் 22, 29, டிசம்பர் 6, 13, 27. டிசம்பர் 20 ஏன் இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

முதல் இரண்டு வாரம் 2Bயைப் பர்ச்சேஸ் கணக்கோடு ஒப்பிடுவது மட்டும்தான். `INV-0045` என்று நம் ஆள் பதிந்ததும் `INV/45` என்று சப்ளையர் ஏற்றியதும் ஒரே பில்தான் என்று எக்செலுக்குப் புரியவைப்பதற்கே ஒரு வகுப்பு போய்விடும். மூன்றாவது வாரம் பிவட் டேபிள், நான்காவது பவர் குவெரி. கடைசி வாரம் உங்கள் ஷீட்டையே எடுத்து வேலை செய்வோம். பார்ட்டி பெயர்களை அழித்துவிட்டு அனுப்புங்கள்.

கட்டணம் 2,400 ரூபாய். 40 பேர், அதற்கு மேல் என்னால் ஒவ்வொருவர் திரையையும் பார்க்க முடியாது. சேர விரும்பினால் இந்த மெயிலுக்கு "சேர்கிறேன்" என்று பதில் போடுங்கள், பணம் கட்டும் லிங்க் வரும்.

கலர் கலராக டாஷ்போர்டு செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் இந்த வகுப்பு வேண்டாம்.

கலைவாணி

---

மெயில் 4: நவம்பர் 21, சனி, காலை 10 மணி
பொருள்: இன்று இரவு 9 மணி வரை

வணக்கம்.

3B போட்டாயிற்றா? நல்லது. இன்னும் 7 இடம் இருக்கிறது.

நிறையப் பேர் கேட்டது: "ஆபீஸ் கம்ப்யூட்டரில் எக்செல் 2016தான், பரவாயில்லையா?" பரவாயில்லை. பவர் குவெரி அதிலேயே உள்ளது. `XLOOKUP` மட்டும் இருக்காது, அதனால்தான் எல்லாவற்றையும் `VLOOKUP` வழியாகவே சொல்லித் தருகிறேன். மொபைலில் மட்டும் பார்த்துக் கற்றுக்கொள்ளலாமா என்றால், முடியாது. வகுப்பைத் தவறவிட்டால் ரெக்கார்டிங் ஆறு மாதம் இருக்கும்.

முதல் வகுப்புக்குப் பிறகு சரிப்படவில்லை என்றால் செவ்வாய்க்குள் சொல்லுங்கள். காரணம் கேட்காமல் முழுப் பணமும் திரும்ப வரும்.

ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு: நாளை காலை 6.45க்கு லிங்க் வரும். லேப்டாப்பை இன்று இரவே சார்ஜ் போட்டுவிடுங்கள்.

கலைவாணி