இடது கை பிரேக்

"கால் ஊன்றிட்டீங்கம்மா. ஏழு நாள் கழிச்சு வாங்க."

பிரேக் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விசாலாட்சி டீச்சர் ஸ்கூட்டரை மைதானத்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். நூறு கிலோவுக்கு மேல் கனம். ஹெல்மெட்டுக்குள் காதோரம் வியர்வை வழிந்தது. எட்டின் இரண்டாவது வட்டம் முடிய இன்னும் நாலடி இருந்தது. அதற்குள் வலது செருப்பு மண்ணில் பதிந்துவிட்டது.

இது மூன்றாவது எல்.எல்.ஆர். 2008-ல் முதலாவதை எடுத்தார். டெஸ்டுக்கே போகாமல் ஆறு மாதம் ஓடி, அது காலாவதியானது. 2016-ல் இரண்டாவது. அன்றைக்கும் கால் ஊன்றினார், ஏழு நாள் கழித்து வரச் சொன்னார்கள், அவர் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் கேட்டவர்களுக்கு, "கண் பவர் மாறியிருக்கு, கண்ணாடி வந்ததும் பாப்போம்" என்று பதில். கண்ணாடி வந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

இந்தத் தடவை தள்ளிப்போட வழியில்லை. மன்னார்குடியிலிருந்து வரும் டவுன் பஸ் மெயின் ரோட்டோடு போய்விடும். அங்கிருந்து பள்ளிக்கூடம் இரண்டரை கிலோமீட்டர், முழுக்க வாய்க்கால் கரை. பதினோரு வருஷமாக அந்தத் தூரத்தை அறிவியல் டீச்சரின் பின்சீட்டிலேயே கடந்தாயிற்று. அந்த டீச்சர் மே மாதத்தோடு ஓய்வு. விசாலாட்சிக்கு ஐம்பது முடிந்திருந்தது. நாற்பதைத் தாண்டியவர்கள் டாக்டர் கையெழுத்திட்ட மருத்துவச் சான்று வைக்க வேண்டும். அதை வாங்கப் போனபோது பிரஷர் 150 காட்டியது. "உக்காந்து தண்ணி குடிங்க, அப்பறம் பாக்கலாம்" என்றார் டாக்டர். கால் மணி நேரம் கழித்து 130-க்கு இறங்கியது.

ஸ்கூட்டர் சத்துணவு அமைப்பாளர் மல்லிகாவுடையது. அவளும் டெஸ்டுக்குக் கூடவே வந்திருந்தாள். திரும்பும் வழியில் அவள் ஒன்றும் பேசவில்லை. பள்ளிக்கூட கேட் வந்ததும்தான் வாயைத் திறந்தாள்.

"டீச்சர், விழப்போற நேரத்துல கை என்ன செஞ்சுது?"

"பிரேக் புடிச்சேன்."

"எந்தக் கை?"

டீச்சர் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். வலது.

"அதான். ஹேண்டில் திரும்பியிருக்கப்போ முன் பிரேக்கைப் புடிச்சா வண்டி உள்பக்கமா சாயும், தானா கால் எறங்கிடும். இன்னொண்ணு, பயந்துட்டு ஆக்சிலேட்டரைச் சுத்தமா விட்டுடுறீங்க. கியர் இல்லாத வண்டி இது. முழுசா விட்டா உள்ள கிளட்ச் கழண்டுடும், எஞ்சின் இழுக்காது. இழுக்காத வண்டி சைக்கிள் மாதிரி ஆடத்தான் செய்யும்."

கணக்கு டீச்சருக்கு இது புரிகிற பாஷை. பயத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. பதினேழு வருஷமாக அது வெறும் பயமாகவே இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். விளையாட்டு விழாவுக்கு வாங்கி மிச்சமிருந்த சுண்ணாம்புத் தூள் ஒரு பை. டீச்சர் ஒரு குச்சியை நட்டு, பத்தடிக் கயிறு கட்டி, கிளாஸில் காம்பஸால் போடுவதுபோல ஒரு வட்டம் சுற்றினார். இருபதடி தள்ளி இன்னொரு குச்சி, இன்னொரு வட்டம். இரண்டும் தொட்டுக்கொண்ட இடத்தில் எட்டு கிடைத்தது.

மல்லிகா முதலில் டயரை அமுக்கிப் பார்த்தாள். பஞ்சர் கடையில் அளந்தபோது முன் டயரில் 14 தான் இருந்தது, 22 இருக்க வேண்டும். "என் மேலயும் தப்பு இருக்கு. காத்து கொறஞ்சா ஹேண்டில் கனக்கும், மெதுவாப் போகையில திருப்பவே வராது."

அப்புறம் பாடம். வலது கை ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாய்த் திறந்து அப்படியே வைத்திருக்க வேண்டும், கூட்டவோ குறைக்கவோ கூடாது. வேகம் அதிகமானால் இடது கை பிரேக்கை லேசாக உரசவிட வேண்டும். இந்தக் காலத்து வண்டிகளில் இடது பிரேக்கே இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். இது பழைய வண்டி, பின் சக்கரத்தை மட்டும் பிடிக்கும், அதனால் பயமில்லை. வலது கையின் நாலு விரலும் பிடியைச் சுற்றியே இருக்க வேண்டும், ஒரு விரல்கூட முன் பிரேக் பக்கம் போகக் கூடாது.

"கண்ணு எங்க இருக்கு?"

"சக்கரத்துல."

"சக்கரம் எங்கயும் ஓடிப்போயிடாது. அடுத்த வளைவைப் பாருங்க. கழுத்து திரும்பினா வண்டியும் திரும்பும்."

முதல் நாள் இருபது சுற்றில் ஒன்பது முறை கால் இறங்கியது. இரண்டாம் நாள் நாலு. எண்ணியது டீச்சரில்லை. மதில்மேல் உட்கார்ந்திருந்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கரித்துண்டால் சுவரில் கோடு போட்டுக்கொண்டே வந்தான். டீச்சர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார். நாலாம் நாள் கயிற்றை எட்டடியாக்கி மறுபடி வரைந்தார்கள். டெஸ்ட் எட்டைவிடப் பழகுகிற எட்டு சின்னதாக இருக்க வேண்டும் என்பது மல்லிகாவின் சட்டம். அன்றைக்கு மறுபடியும் ஆறு கோடு விழுந்தது. ஆறாம் நாள் சுவர் சுத்தமாக இருந்தது.

சேலைதான் கடைசிப் பிரச்சினை. மடிப்பு முட்டிக்குக் கீழே விரிந்து ஃபுட்போர்டில் புரண்டது. கால் வைக்க வேண்டிய நேரத்தில் அதில் சிக்கினால் ஆளும் வண்டியும் சேர்ந்து விழ வேண்டியதுதான். சுடிதார் போடச் சொன்னாள் மல்லிகா. டீச்சர் மாட்டேன் என்றார். கொசுவத்தை இரண்டு விரல்கடை தூக்கிக் கட்டி, முந்தானையை முன்னால் இழுத்து இடுப்பில் செருகி, மூன்று ஊக்கு குத்தியதில் சமாதானம் ஆனது.

செவ்வாய்க்கிழமை. அதே வேப்ப மரம், அதே பிளாஸ்டிக் நாற்காலி. டீச்சருக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பையன் வேகமாகப் போய் முதல் வளைவிலேயே கோட்டைத் தாண்டினான். அவனுக்கும் ஏழு நாள்.

"அடுத்து."

டீச்சர் ஹெல்மெட் வாரைப் பூட்டி, விரலை விட்டு இழுத்துப் பார்த்தார். உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். சைடு ஸ்டாண்டு எடுத்தாயிற்று. இண்டிகேட்டர் போட்டார். இரண்டு காலும் ஃபுட்போர்டுக்கு ஏறின.

முதல் வட்டம் பரவாயில்லை. நடுவில் குறுக்கே வெட்டும் இடத்தில் வலது கை விரல்கள் தானாக விரியப் பார்த்தன. பிடியை இறுக்கினார். இடது கை மெல்ல உரசியது. எஞ்சின் சத்தம் ஒரே சீராக இருந்தது. அதையே கேட்டுக்கொண்டு கழுத்தைத் திருப்பினார். வளைவு வந்தது, போனது. இன்னொரு முறை நடு, இன்னொரு முறை வளைவு. இரண்டு எட்டு.

மூன்றாவது எட்டைப் பாதி போட்டுக்கொண்டிருக்கையில் யாரோ கூப்பிடுவது கேட்டது.

"அம்மா! போதும், எறங்குங்க! ரெண்டுதான் போடச் சொல்வோம்!"

டீச்சர் பாதியில் நிறுத்தவில்லை. மூன்றாவதையும் முடித்துவிட்டே, இடது பிரேக் பிடித்து, மரத்தடியில் வந்து நின்றார். இன்ஸ்பெக்டர் அட்டையில் டிக் அடித்தார். "லைசென்ஸ் தபால்ல வீட்டுக்கு வரும். உங்க வயசுக்கு அறுபது வரைக்கும் செல்லும்."

"நான் ரிட்டயர் ஆகறதும் அறுபதுலதான்," என்றார் டீச்சர். இன்ஸ்பெக்டர் அதற்குள் அடுத்த பேரை வாசித்துவிட்டார்.

போன வெள்ளிக்கிழமை தபால்காரர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் மல்லிகா தேங்காயெண்ணெயைத் தொட்டு முன் பக்கத்துச் சிவப்பு 'எல்' ஸ்டிக்கரைச் சுரண்டினாள். முக்கால்வாசி வந்தது. பசை வழவழவென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"பரவால்ல, இருக்கட்டும் விடு," என்றார் டீச்சர். சாவியை வாங்கிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார். "ஏறு. வாய்க்கால் வளைவுல ஹாரன் அடிக்கணும், ஞாபகப்படுத்து."

மதில்மேலிருந்து அந்தப் பையன் கரித்துண்டோடு எட்டிப் பார்த்தான்.