வேலூர்ப் புரட்சி: கயல்விழியின் கட்டுரை விடைக்கு மதிப்பீடும் குறிப்புகளும்

வகுப்பு 11, வரலாறு, பயிற்சிக் கட்டுரை
வினா: "1806 வேலூர்ப் புரட்சிக்குப் புதிய தலைப்பாகையே காரணம்." இக்கூற்றை எந்த அளவுக்கு ஏற்கிறாய்? (20 மதிப்பெண்)

நிலைப்பாடு: 3/5
சான்றுகள்: 4/6
காரண விளக்கம்: 2/5
அமைப்பும் மொழியும்: 3/4
மொத்தம்: 12/20

கயல்விழி,

உன் விடையை இரண்டு முறை படித்தேன். முதல்முறை மதிப்பெண்ணுக்காக. இரண்டாவது முறை, நான்காம் பக்கத்தில் நீ எழுதியிருக்கும் ஒரு கேள்விக்காக: "தலைப்பாகை மட்டும்தான் காரணம் என்றால், வீரர்கள் ஏன் திப்புவின் மகனை அரசராக அறிவித்தார்கள்?" இந்த வினாவுக்கு எழுதக்கூடிய மிகச் சிறந்த வாக்கியங்களில் இது ஒன்று. பாடநூலில் இருக்கும் இரண்டு செய்திகளை ஒன்றோடொன்று மோதவிட்டு நீயே கண்டுபிடித்த கேள்வி இது. ஆனால் கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் அடுத்த பத்திக்குப் போய்விட்டாய். நீ இழந்த எட்டு மதிப்பெண்ணில் பெரும்பகுதி அந்த இடத்தில்தான் போயிருக்கிறது.

நிலைப்பாடு (3/5)
"எந்த அளவுக்கு" என்று கேட்டால் அளவைச் சொல்ல வேண்டும். நீ முதல் பத்தியில் "பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய வீர நிகழ்வு" என்று தொடங்கி, கடைசிப் பத்தியில்தான் "தலைப்பாகை ஒரு காரணம், அது மட்டுமே காரணம் அல்ல" என்கிறாய். நிலைப்பாடு இருப்பதால் 3. அது விடை முழுவதையும் வழிநடத்தியிருந்தால் 5 கிடைத்திருக்கும். புகழுரையை எடுத்துவிட்டு, அந்த நான்காம் பக்கக் கேள்வியையும் அதற்கான உன் பதிலையும் தொடக்கத்தில் வை. வீரர்கள் மீது உனக்குள்ள மதிப்பு எனக்குப் புரிகிறது. அவர்கள் எதற்காக எழுந்தார்கள் என்பதைத் துல்லியமாகச் சொல்வதும் அவர்களுக்குச் செய்யும் மரியாதைதான்.

சான்றுகள் (4/6)
நிறையச் செய்தி வைத்திருக்கிறாய். தோலால் ஆன சின்னம் பொருத்திய தலைப்பாகை, சமயக் குறிகளுக்கும் காதணிகளுக்கும் தடை, தாடியை மழிக்கச் சொன்ன கட்டளை, தளபதி கிரடாக், ஆளுநர் வில்லியம் பெண்டிங் எல்லாம் சரி. மே மாதத்தில் தலைப்பாகையை அணிய மறுத்த வீரர்களில் இருவருக்குத் தலா 900 கசையடி என்ற தண்டனையைக் குறிப்பிட்டிருப்பது மிக நன்று. எதிர்ப்பு ஜூலை 10 அன்று திடீரென்று வெடிக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று.

இரண்டு பிழைகள். திப்பு இறந்தது 1792 என்று எழுதியிருக்கிறாய். அது திருவரங்கப்பட்டண உடன்படிக்கையின் ஆண்டு. அவர் போரில் இறந்தது 1799 மே மாதத்தில். இது வெறும் எண் பிழை என்று நினைக்காதே. தந்தை இறந்து ஏழு ஆண்டுகளே ஆன நிலையில் அவருடைய மகன்கள் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டிருந்தார்கள் என்பது உன் வாதத்துக்குத் தேவையான செய்தி. மற்றொன்று பெரிய பிழை: "கொழுப்பு தடவிய தோட்டாக்கள்" 1857-க்கு உரியவை. இரண்டு புரட்சிகளையும் ஒரே மூச்சில் படித்தால் இப்படிக் கலந்துவிடும். இரண்டின் காரணங்களையும் ஒரே தாளில் எதிரெதிராக எழுதி வைத்துக்கொள்.

காரண விளக்கம் (2/5)
இந்தப் பகுதிக்குத்தான் நீ அதிக நேரம் கொடுக்க வேண்டும். அளவுகோலின்படி, காரணங்களைப் பட்டியலிட்டால் 2, ஒவ்வொன்றும் எப்படிப் புரட்சிக்கு இட்டுச்சென்றது என்று விளக்கினால் 4, அவற்றின் எடையை ஒப்பிட்டு முடிவு சொன்னால் 5. நீ பட்டியலில் நின்றுவிட்டாய்.

பக்கம் இரண்டும் மூன்றும் முழுக்க அன்றைய சண்டை. கர்னல் பேன்கோர்ட் கொல்லப்பட்டது, ஆர்க்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையுடன் விரைந்தது எல்லாம் உயிர்ப்போடு எழுதப்பட்டிருக்கின்றன, ஆனால் வினா அதைக் கேட்கவில்லை. அந்த இரண்டு பக்கத்தில் வினாவுக்குப் பயன்படும் வாக்கியம் ஒன்றுதான்: "கோட்டையில் மைசூரின் புலிக்கொடி ஏற்றப்பட்டது." அதை நிகழ்ச்சியாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாய். அதன்பின் "ஆகவே" என்று ஒரு வாக்கியம் சேர்த்துப் பார்: "ஆகவே வீரர்கள் கட்டளையைத் திரும்பப் பெறுவதை மட்டும் கேட்கவில்லை, கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மாற்றாக வேறோர் ஆட்சியை நினைத்தார்கள்." அதே செய்தி இப்போது வாதமாகிவிட்டது.

இதேபோல, கடைசிப் பக்கத்தில் "விளைவுகள்" என்ற தலைப்பில் மூன்று செய்திகள் தந்திருக்கிறாய்: புதிய உடைக் கட்டளை கைவிடப்பட்டது, கிரடாக்கும் பெண்டிங்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள், திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது. இவை விளைவுகள்தான். ஆனால் கம்பெனி எவற்றைக் காரணமாகக் கருதியது என்பதற்கும் இவையே சான்று. தலைப்பாகை மட்டுமே சிக்கல் என்று நினைத்திருந்தால், இளவரசர்களை அவ்வளவு தொலைவுக்கு ஏன் அனுப்ப வேண்டும்? உன் கேள்விக்கான பதில் உன் விடைத்தாளிலேயே இருக்கிறது.

உன் வாதத்துக்கு எதிரான சான்று ஒன்றையும் தருகிறேன். ஐதராபாத், வாலாஜாபாத் முகாம்களிலும் புதிய உடைக்கு எதிர்ப்பு இருந்தது. திப்புவின் மகன்கள் அங்கே இல்லை. அப்படியானால் தலைப்பாகையின் எடை நீ நினைப்பதைவிடக் கூடுதலா? அல்லது கட்டளை எல்லா முகாம்களிலும் கோபத்தை மூட்டியது, இளவரசர்கள் இருந்த வேலூரில் மட்டும் அது ஆட்சி மாற்றக் கனவாக வளர்ந்தது என்று சொல்லலாமா? எனக்கு இரண்டாவது விளக்கம் பொருந்துவதாகத் தோன்றுகிறது. நீ முதலாவதை ஏற்றாலும் எனக்கு மறுப்பில்லை. சான்றோடு எழுதினால் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான்.

அமைப்பும் மொழியும் (3/4)
தெளிவான நடை, நல்ல கையெழுத்து. "மேலும்" என்ற சொல்லில் ஒன்பது பத்திகள் தொடங்குகின்றன. அந்தச் சொல் வரும் இடமெல்லாம், இணைப்பு இல்லாமல் அடுத்த செய்தியை ஒட்டியிருக்கிறாய் என்று பொருள். "இதனால்", "இருந்தபோதிலும்", "இதைவிட முக்கியமாக" ஆகியவற்றில் எது பொருந்துகிறது என்று ஒவ்வோர் இடத்திலும் யோசி. பெண்டிங்கின் பெயரை மூன்று விதமாக எழுதியிருக்கிறாய். பாடநூலில் உள்ளதையே பின்பற்று.

அடுத்து என்ன செய்ய வேண்டும்?
முழு விடையையும் திருப்பி எழுத வேண்டாம். இரண்டு பத்திகள் போதும். ஒன்று, நிலைப்பாட்டைச் சொல்லும் புதிய தொடக்கப் பத்தி, ஐந்து வரிக்குள். மற்றொன்று, புலிக்கொடி, இளவரசர்களின் இடமாற்றம், மற்ற முகாம்களின் எதிர்ப்பு ஆகிய மூன்றையும் வைத்துத் தலைப்பாகையின் எடையை மதிப்பிடும் பத்தி. வியாழக்கிழமை மதிய இடைவேளையில் ஆசிரியர் அறைக்குக் கொண்டுவா. அந்த இரண்டையும் பார்த்துவிட்டுக் காரண விளக்கத்துக்கான மதிப்பெண்ணை மட்டும் மறுபடி இடுகிறேன்.