நெகேமியா 3: கழுத்தைக் கொடுத்தவர்கள்

(அசனப் பண்டிகைக்கு முந்தைய ஞாயிறு அருளுரை)

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாரே, இன்றைக்கு வாசித்த பாடத்தில் பாதியிலேயே சிலருக்கு மனம் எங்கேயோ போயிருக்கும். இன்னாருடைய குமாரன் இன்னார், அவன் அருகே இன்னொருவன், பழுதுபார்த்துக் கட்டினான். 32 வசனமும் இப்படியே போகிறது. வீட்டில் வேதம் வாசிக்கும்போது இந்த அதிகாரத்தைத் தாண்டி நாலாம் அதிகாரத்துக்குப் போய்விடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். இன்றைக்குக் கொஞ்சம் நிதானமாக இந்த மதிலைச் சுற்றி நடந்து பார்ப்போம்.

பாபிலோனியர் எருசலேமை இடித்தது கி.மு. 586இல். நெகேமியா வந்தது கி.மு. 445இல். ஏறக்குறைய 140 வருஷம் அந்த மதில் பெரும்பாலும் இடிந்தே கிடந்தது. அதைத்தான் இந்த ஜனங்கள் 52 நாளில் கட்டி முடித்தார்கள். யார் கட்டினார்கள்? கொத்தனார்கள் என்று இந்த அதிகாரத்தில் யாரையும் காணோம். முதல் வசனத்தில் ஆட்டுவாசலைக் கட்டப் பிரதான ஆசாரியன் எலியாசிப் கல் தூக்குகிறார். எட்டாம் வசனத்தில் ஒரு தட்டார், அவர் பக்கத்தில் ஒரு தைலக்காரர். பொன்னை நுணுக்கமாகத் தட்டிப் பழகிய கை, வாசனைத் தைலம் கலந்து பழகிய கை, இப்போது இடிபாட்டில் கிடக்கிற கல்லைப் புரட்டுகிறது. பன்னிரண்டாம் வசனத்தில் சல்லூம் தன் மகள்களோடு வந்து நிற்கிறார். எருசலேமின் பாதிக்குப் பிரபு அவர். ஆள் அனுப்பியிருக்கலாம். ஆனால் அவரே வந்தார், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

சரி, ஐந்தாம் வசனத்துக்கு வாருங்கள். எனக்கு இந்த அதிகாரத்தில் மனசைப் பிடித்து நிறுத்துகிற இடம் இதுதான். தெக்கோவா ஊரார் கட்டினார்கள். ஆனால் அவர்களுடைய பிரபுக்கள் ஆண்டவருடைய வேலைக்குத் தங்கள் கழுத்தைக் கொடுக்கவில்லை. நுகத்தடியைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொள்ளும் மாட்டைப் போல விலகி நின்றுவிட்டார்கள். தெக்கோவா, ஆமோஸ் தீர்க்கதரிசியின் ஊர். எருசலேமுக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீட்டர். அந்த ஊரார் கட்டிய மதில் அவர்கள் வீட்டைக் காக்கப்போவதில்லை. போதாததற்கு, மதில் முடிந்தது எலூல் மாதம் 25ஆம் தேதி. திராட்சையும் அத்திப்பழமும் பறிக்கிற காலத்தில் அவர்கள் இங்கே கல் சுமந்துகொண்டிருந்தார்கள். ஊர்ப் பெரியவர்களே வராதபோது, "அவங்களே வரல, நமக்கென்ன" என்று திரும்பிப் போக அவர்களுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

இப்போது 27ஆம் வசனத்தைப் பாருங்கள். அதே தெக்கோவா ஊரார் மறுபடியும் வருகிறார்கள். தங்கள் பங்கோடு நிற்காமல், பின்னொரு பங்கையும் கட்டினார்கள். பிரபுக்கள் செய்யாததற்குச் சண்டை பிடித்ததாக ஒரு வார்த்தை இல்லை. பட்டியலைத் தாண்டிப் போயிருந்தால் இது நம் கண்ணில் பட்டிருக்காது. ஐந்தாம் வசனத்தையும் 27ஆம் வசனத்தையும் சேர்த்து வாசிக்கிறவனுக்குத்தான் இந்த ஏழை ஊராரின் பெருமை தெரியும். இதை ஆண்டவர் எழுதி வைக்கச் சொன்னார். அந்தப் பிரபுக்களின் பெயர் ஒன்றுகூட இதில் இல்லை.

இன்னொரு பெயரும் இல்லை, கவனித்தீர்களா? ராஜாவிடம் அனுமதி வாங்கி, ராத்திரியில் மதிலைச் சுற்றிப் பார்த்து, ஜனங்களைத் திரட்டிய நெகேமியா, கட்டினவர்களின் வரிசையில் தன் பெயரைச் சேர்க்கவில்லை. பதினாறாம் வசனத்தில் ஒரு நெகேமியா வருகிறார், ஆனால் அவர் அஸ்பூகின் குமாரன், வேறு ஆள். தன்னை விட்டுவிட்டு மற்றவர்களில் பலரைத் தகப்பன் பெயரோடு, அவரவர் நின்று கட்டிய இடத்தோடு எழுதினார்.

பதினான்காம் வசனத்தில் குப்பைமேட்டு வாசல். ஊர்க் கழிவெல்லாம் வெளியே போகிற வழி. அதைக் கட்டியவர் மல்கியா, ஒரு மாகாணத்துக்குப் பிரபு. கதவு, பூட்டு, தாழ்ப்பாள் வரைக்கும் போட்டு முடித்தார். ஆட்டுவாசலுக்குப் பிரதான ஆசாரியன் என்றால், குப்பைமேட்டு வாசலுக்கும் ஒரு பெரிய மனிதர் தன்னைக் கொடுத்தார்.

நம் சபையிலும் வருகிற வாரம் அசனம். ஆராதனை முடிந்ததும் வேலை நோட்டு வெஸ்ட்ரி வாசலில் இருக்கும். காய் வெட்டுவதற்கும் பந்தி பரிமாறுவதற்கும் வாலிபர் சங்கத்திலிருந்தும் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்தும் போதுமான பெயர் வந்துவிட்டது. கடைசிப் பந்திக்கு அப்புறம் எச்சில் இலை எடுக்கவும், அண்டா கழுவவும், கழிப்பறை சுத்தம் பண்ணவும்தான் ஆள் குறைகிறது. அந்தப் பக்கத்தில் முதல் வரியில் என் பெயரை எழுதியிருக்கிறேன். கமிட்டி அங்கத்தினர்களும் சபைப் பெரியவர்களும் எனக்கு அடுத்த வரிகளில் எழுதும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

ஜெபிப்போம்.