ஸ்டால் எண் பி-17: ஒதுக்கீட்டுக் கடிதமும் வாடகை ஒப்பந்தமும்

ஈரோடு
10.07.2026

பெறுநர்: ஜமக்காள உற்பத்தியாளர், பவானி

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 18 வெள்ளி முதல் 27 ஞாயிறு வரை பத்து நாட்கள், ஈரோடு பெருந்துறை சாலை மண்டபத்தில் நடக்கவிருக்கும் கைத்தறி, வீட்டு உபயோகப் பொருள் விற்பனைக் கண்காட்சியில் உங்களுக்கு பி-17 ஸ்டாலை ஒதுக்கியிருக்கிறோம். 06.07.2026 அன்று நீங்கள் கட்டிய முன்பணம் ரூ.10,000 வந்து சேர்ந்தது. இந்தக் கடிதம்தான் நமக்குள் ஒப்பந்தமும். அதனால் கொஞ்சம் நீளமாக இருந்தாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சந்தேகம் இருந்தால் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

இடம்

பி-17 என்பது 3 மீட்டருக்கு 3 மீட்டர், அதாவது 9 சதுர மீட்டர். பி வரிசையின் மூலை ஸ்டால். இரண்டு பக்கம் திறந்திருக்கும், மற்ற இரண்டு பக்கமும் தடுப்புப் பலகை. நீங்கள் முதலில் கேட்டது நுழைவாயிலை ஒட்டிய ஏ-4. அதைக் கொடுக்காததற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். ஆள் உட்கார்ந்து நெய்து காட்ட, குழி தோண்டாமல் நிறுத்தும் சிறிய தறி ஒன்றைக் கொண்டுவருவதாக விண்ணப்பத்தில் எழுதியிருந்தீர்கள். தறி 5 அடி அகலம், நாலரை அடி ஆழம். ஏ-4 மூன்று பக்கமும் அடைத்த ஸ்டால். அங்கே தறியை வைத்தால் சரக்கு அடுக்க இடம் இருக்காது. தறியைப் பார்க்க நிற்கும் கூட்டமும் நுழைவாயிலையே அடைத்துவிடும். பி-17 முன்னால் நடைபாதை 3 மீட்டர் அகலம், பத்துப் பேர் நின்று பார்த்தாலும் மற்றவர்கள் தாராளமாகப் போகலாம். நெய்வதை நேரில் பார்த்தவர்கள் விலை பேசுவது குறைவு என்பது எங்கள் அனுபவம். அதனால் இந்த இடம் உங்களுக்கு நல்லது என்று நம்பித்தான் கொடுத்திருக்கிறோம்.

தரையில் மஞ்சள் கோடு போட்டிருப்போம். தறி, ஸ்டூல், பொம்மை, பேனர், தொங்கவிடும் விரிப்பு எதுவும் கோட்டைத் தாண்டி நடைபாதைக்கு வரக்கூடாது. தீயணைப்புத் துறை ஆய்வுக்கு வரும்போது முதலில் பார்ப்பது நடைபாதையைத்தான். இதில் நாங்கள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

வாடகையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பெயர்ப் பலகை, குப்பைக்கூடை அடங்கும். தடுப்புப் பலகையில் ஆணி அடிக்கவோ துளை போடவோ கூடாது, சேதமானால் பலகைக்கு ரூ.1,200. இன்னொன்று: அந்தப் பலகைகள் காகித போஸ்டர் தாங்கும், ஜமக்காளம் தாங்காது. பெரிய அளவு விரிப்பு நாலைந்தை மேல் கம்பியில் மாட்டினால் கம்பி வளைந்து பக்கத்து ஸ்டால் மேல் சாயும். தரையில் நிற்கும் இரும்பு ஸ்டாண்டு கொண்டுவந்துவிடுங்கள்.

17ஆம் தேதி வியாழன் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை சரக்கு இறக்கலாம். 18ஆம் தேதி காலை 9 மணி வரை ஆளும் வராமல், தகவலும் வராமல் இருந்தால் ஸ்டாலைக் காத்திருப்புப் பட்டியலில் உள்ளவருக்குக் கொடுத்துவிடுவோம். தவிர்க்க முடியாத காரணத்தால் வேறொரு ஸ்டாலுக்கு மாற்ற நேர்ந்தால், செப்டம்பர் 5க்குள் சொல்வோம். புது இடம் இதே அளவில் மூலை ஸ்டாலாக இல்லையென்றால் மூலைக் கட்டணம் முழுவதும் திரும்ப வரும். அந்த இடம் வேண்டாம் என்றால் கட்டிய பணம் மொத்தமும் வாங்கிக்கொண்டு விலகலாம்.

உள்வாடகைக்கு விடுவதோ, பாதி இடத்தை வேறொருவருக்குப் பிரித்துக் கொடுப்பதோ கூடாது. விற்கும் சரக்கு விண்ணப்பத்தில் எழுதியதாகவே இருக்க வேண்டும். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பெயரில் விசைத்தறிச் சரக்கை விற்றால், யாராக இருந்தாலும், அன்றே ஸ்டாலை மூடுவோம், பணம் திரும்பாது. உங்களுக்காக இதை எழுதவில்லை. எல்லா விரிப்பு வியாபாரிகளுக்கும் இதே வரியைத்தான் எழுதுகிறோம், அது உங்கள் தறிக்காரர்களுக்கும் பாதுகாப்பு.

கணக்கு

ஸ்டால் வாடகை பத்து நாளுக்கு ரூ.25,000. மூலைக் கட்டணம் 10 சதவீதம், ரூ.2,500. ஆக மொத்த வாடகை ரூ.27,500. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி ரூ.4,950. கூட்டினால் ரூ.32,450. கூடுதல் மின்சாரம் ஒரு படிக்கு வரியோடு ரூ.1,416 (விவரம் கீழே). திரும்பத் தரும் வைப்புத் தொகை ரூ.5,000. மொத்தம் ரூ.38,866. முன்பணம் ரூ.10,000 போக மீதி ரூ.28,866ஐ ஆகஸ்ட் 14 வெள்ளிக்குள் கட்ட வேண்டும். வங்கி வழியாக மட்டும், ரொக்கம் வாங்குவதில்லை. அந்தத் தேதிக்குள் வராவிட்டால் ஒரு முறை போனில் நினைவூட்டுவோம். அதற்குப் பிறகும் ஏழு நாளில் வரவில்லை என்றால் நீங்களே ரத்து செய்ததாக எடுத்துக்கொள்வோம்.

மின்சாரம்

பத்து நாளும் அதிகமாகச் சண்டை வருவது இதில்தான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்டாலோடு மூன்று எல்இடி விளக்கும், ஒரு 5 ஆம்பியர் பிளக் பாயிண்ட்டும் வரும். அந்தப் பிளக்கில் 500 வாட் வரை வாடகையிலேயே அடக்கம். அதற்கு மேல் ஒவ்வொரு 500 வாட்டும் ஒரு படி. ஒரு படிக்குப் பத்து நாளுக்கு ரூ.1,200, வரி தனி. வீட்டு மின் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அதிகமாகத் தெரியும். தற்காலிக இணைப்புக்கு மின்வாரியம் வாங்கும் கட்டணமே தனி. அதோடு ஒயரிங், ஜெனரேட்டர் வாடகை, டீசல் எல்லாம் இதில் சேர்ந்திருக்கிறது.

நீங்கள் எழுதிக் கொடுத்த பட்டியல்: 50 வாட் ஃபோகஸ் லைட் எட்டு, 400 வாட். நிற்கும் ஃபேன் 70. கம்ப்யூட்டரும் பில் பிரிண்டரும் 150. கார்டு மெஷின், போன் சார்ஜர் 30. இதுவரை 650 வாட். கடைசியாக ஒரு அயர்ன் பாக்ஸ், 1,000 வாட். அதையும் சேர்த்தால் 1,650 ஆகி மூன்று படி கட்ட வேண்டும். அயர்ன் பாக்ஸ் இல்லையென்றால் 650தான், ஒரு படி போதும். மடிப்புச் சுருக்கத்தை எடுக்கத்தான் அயர்ன் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பவானியிலேயே தேய்த்து, மடிக்காமல் சுருட்டிக் கொண்டுவந்தால் வரியோடு ரூ.2,832 மிச்சம். இப்போதைக்கு ஒரு படிக்குத்தான் பில் போட்டிருக்கிறோம். அயர்ன் கட்டாயம் வேண்டும் என்றால் ஆகஸ்ட் 31க்குள் சொல்லுங்கள், இதே விலைதான். அதற்குப் பிறகு கேட்டால் 25 சதவீதம் கூடுதல். கண்காட்சி தொடங்கியபின் கேட்டால் 50 சதவீதம் கூடுதல், அதுவும் லைனில் இடம் இருந்தால்தான்.

எழுதிக் கொடுக்காத சாதனத்தைச் செருகினால் அந்தப் படிக்கு இரட்டிப்புக் கட்டணம். போன வருடம் ஞாயிறு மாலை ஏழு மணிக்கு, கூட்டம் நெரிகிற நேரத்தில், ஒரு ஸ்டாலில் டீ போட இண்டக்‌ஷன் அடுப்பைச் செருகிவிட்டார்கள். பிரேக்கர் விழுந்து அந்த லைனில் இருந்த 11 ஸ்டாலும் 40 நிமிடம் இருட்டில் நின்றன. புடவை பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் போன் டார்ச்சில் நிறம் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறோம் என்று எழுந்து போனது. திரும்பி வரவில்லை. அந்த வியாபாரிக்கு நாங்கள் என்ன சமாதானம் சொல்ல முடியும்?

இணைப்பு கொடுப்பதும் எடுப்பதும் எங்கள் எலக்ட்ரீஷியன் மட்டுமே. நீங்கள் கொண்டுவரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூன்று முனை பிளக்கும் ஃபியூஸும் உள்ளதாக இருக்கட்டும். ஒயரை முறுக்கி டேப் சுற்றியதைப் பார்த்தால் கழற்றிவிடுவோம். உங்கள் ஸ்டால் முழுக்கப் பருத்தி, ஒரு பொறி போதும். ஃபோகஸ் லைட்டுக்கும் விரிப்புக்கும் குறைந்தது ஒரு அடி இடைவெளி விடுங்கள்.

காலை 10 முதல் இரவு 9.30 வரை மின்சாரம் இருக்கும், 10 மணிக்கு மெயின் அணைக்கப்படும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் மாற இரண்டு மூன்று நிமிடம் ஆகும், கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை நேரத்தில் ஒரே நாளில் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் உங்கள் ஸ்டாலுக்கு மின்சாரம் தர எங்களால் முடியாமல் போனால், அன்றைய ஒரு நாள் வாடகை ரூ.2,750இல் பாதியை வரியோடு திருப்பித் தருவோம்.

நீங்கள் ரத்து செய்தால்

எழுத்தில் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் எழுதினாலும் ஏற்போம், போனில் சொன்னது கணக்கில் வராது. செய்தி வந்த தேதிதான் ரத்துத் தேதி.

ஆகஸ்ட் 4 வரை ரத்து செய்தால் வாடகையில் 20 சதவீதம் மட்டும் பிடிப்போம். ஆகஸ்ட் 5 முதல் 28 வரை என்றால் பாதி. அதற்குப் பிறகு வாடகை திரும்பாது. ஆனால் ஸ்டாலை வேறொருவர் எடுத்துக்கொண்டால், அவரிடம் வந்த வாடகையில் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியை உங்களுக்கே கொடுப்போம், நீங்கள் கட்டிய அளவுக்கு மேல் போகாமல். ஒரே ஸ்டாலுக்கு இரண்டு வாடகை வாங்குவது நியாயம் இல்லை.

வைப்புத் தொகை எந்தத் தேதியிலும் முழுதாகத் திரும்பும். கூடுதல் மின் கட்டணம் செப்டம்பர் 11 வரை முழுதாகத் திரும்பும். திரும்பும் வாடகைக்கு உரிய ஜிஎஸ்டியும் சேர்ந்தே வரும். உதாரணத்துக்கு, பணம் முழுவதும் கட்டிவிட்டு ஆகஸ்ட் 20இல் ரத்து செய்தால்: வாடகையில் பாதி ரூ.13,750, அதன் வரி ரூ.2,475, மின்சாரம் ரூ.1,416, வைப்பு ரூ.5,000. ஆக ரூ.22,641, 15 நாளுக்குள் உங்கள் கணக்கில். ஆகஸ்ட் 1இல் ரத்து செய்தால், முன்பணத்தில் ரூ.6,490 (20 சதவீதமும் வரியும்) பிடித்து ரூ.3,510 தருவோம்.

வீட்டில் துக்கம், ஆஸ்பத்திரி என்று வந்துவிட்டால் தேதி பார்க்க மாட்டோம். எந்த நாளில் சொன்னாலும் பாதி வாடகை திரும்பும். அல்லது இதே சரக்கு நெய்யும் இன்னொரு உற்பத்தியாளருக்கு ஸ்டாலை மாற்றித் தருவோம்.

கூட்டம் குறைவு, வியாபாரம் ஆகவில்லை என்பது ரத்துக் காரணம் ஆகாது. நடுவில் காலி செய்துவிட்டுப் போனால் வைப்பில் ரூ.2,000 பிடிப்போம். ஒரு மூலை ஸ்டால் காலியாகக் கிடந்தால் அந்த வரிசைப் பக்கமே யாரும் திரும்ப மாட்டார்கள், பாதிக்கப்படுவது அக்கம்பக்கத்து வியாபாரிகள்.

நாங்கள் ரத்து செய்தால்

எங்கள் காரணத்தால் நின்றால் வரியும் மின்சாரமும் வைப்பும் உட்பட ஒரு ரூபாய் குறையாமல் 15 நாளில் திரும்பும். தேதி தள்ளிப்போனால், புதுத் தேதியை ஏற்பதோ முழுப் பணத்தை வாங்கிக்கொள்வதோ உங்கள் விருப்பம். மழை வெள்ளம், அரசு உத்தரவு போன்ற நம் கையில் இல்லாத காரணத்தால் தொடங்கும் முன்பே நின்றால், குறைந்தது 60 சதவீத வாடகையாவது தருவோம், செலவுக் கணக்கையும் காட்டுவோம். தொடங்கியபின் நின்றால், நடக்காத நாட்களின் வாடகையில் இதே 60 சதவீதம். வைப்பு இரண்டிலும் முழுதாக வரும்.

மற்றவை

இரவுக் காவல் உண்டு. ஆனாலும் சரக்குக்கும் கல்லாவுக்கும் பொறுப்பு உங்களுடையது, பத்து நாளுக்குக் காப்பீடு எடுத்துவிடுவது நல்லது. 27ஆம் தேதி இரவு 9.30க்கு முன் சரக்கு கட்டக்கூடாது. 28ஆம் தேதி மதியம் 12க்குள் காலி செய்ய வேண்டும். சேதம் இல்லையென்றால் அக்டோபர் 5க்குள் வைப்புத் தொகை வரும். பேசித் தீராத வழக்கு ஈரோடு நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது.

சம்மதம் என்றால் இதன் நகலில் கையெழுத்திட்டு ஜூலை 20 திங்களுக்குள் அனுப்பிவிடுங்கள். தறி வண்டியில் வரும் நேரத்தை முதல் நாளே சொன்னால், இறக்க நான்கு ஆட்களை நிறுத்தி வைக்கிறோம், அதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
செயலாளர்,
கண்காட்சி ஏற்பாட்டுக் குழு, ஈரோடு

ஒப்புதல்

மேலே உள்ள இட ஒதுக்கீடு, கட்டணம், மின்சாரம், ரத்து நிபந்தனைகள் அனைத்தையும் படித்துப் புரிந்துகொண்டேன். பி-17 ஸ்டாலை இந்த நிபந்தனைகளின்படி எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். அயர்ன் பாக்ஸ் வேண்டாம், ஒரு படி மின்சாரம் போதும்.

ஜமக்காள உற்பத்தியாளர், பவானி
16.07.2026