டெபிட், கிரெடிட், ப்ரீபெய்டு: தேய்த்தால் யார் பணம் போகிறது?

எல்லோருக்கும் வணக்கம். மில் ஷிப்ட் முடித்து நேராக வந்தவர்களும் இருக்கிறீர்கள், அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன். பல்லடம் கிளையில் இந்த மாதம் கணக்குத் தொடங்கிய உங்களுக்கு ஒரு கார்டு உறை வந்திருக்கும். சிலருக்குக் கிரெடிட் கார்டு வேண்டுமா என்று போனும் வந்திருக்கும். கடைக்காரர் மெஷினில் மூன்றும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும். ஆனால் தேய்க்கும்போது யார் பணம் போகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

உறையில் வந்தது டெபிட் கார்டு. இதில் போவது உங்கள் சேமிப்புக் கணக்கில் இருக்கும் உங்கள் பணம். கணக்கில் இருக்கும் வரை எடுக்கலாம், கடையில் கொடுக்கலாம். நம் வங்கி ஏ.டி.எம்.மில் மாதம் ஐந்து முறை இலவசம். பல்லடம் மாதிரி ஊர்களில் மற்ற வங்கி மெஷினிலும் ஐந்து முறை இலவசம், சென்னை போன்ற பெருநகரம் போனால் அங்கே மூன்றுதான். அதற்கு மேல் ஒவ்வொரு தடவைக்கும் 23 ரூபாய் வரையும் வரியும் பிடிப்பார்கள். மற்ற வங்கி மெஷினில் பேலன்ஸ் பார்ப்பதும் ஒரு தடவையாகக் கணக்காகும், கவனம்.

மெஷினில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால் பதற வேண்டாம். ஐந்து நாளுக்குள் அது திரும்ப வர வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் வங்கி உங்களுக்குத் தர வேண்டும், இது ரிசர்வ் வங்கி விதி. அந்தத் துண்டுச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து எங்களிடம் கொண்டு வாருங்கள்.

புதுக் கார்டு ஏ.டி.எம்.மிலும் கடை மெஷினிலும் மட்டும்தான் ஓடும். ஆன்லைனில் வாங்குவதற்கும், தட்டினாலே போகும் வசதிக்கும் நீங்கள்தான் ஆப்பில் போய் ஆன் செய்ய வேண்டும். தட்டினால் 5,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காது. தேவையில்லாதவர்கள் அதை ஆன் செய்யாமலே விடுங்கள் என்பதுதான் என் கருத்து.

அடுத்தது கிரெடிட் கார்டு. இதில் போவது வங்கியின் பணம், அதாவது கடன். இதைப் பற்றித்தான் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். உங்கள் பில் தேதி மாதம் 10, கட்டக் கடைசி நாள் 30 என்று வையுங்கள். ஜூன் 11 அன்று ஒரு தையல் மெஷின் வாங்கினால் அது ஜூலை 10 பில்லில்தான் வரும், ஜூலை 30க்குள் முழுசாகக் கட்டினால் வட்டி ஒரு பைசா கிடையாது. அதையே ஜூன் 9 அன்று வாங்கியிருந்தால் மறுநாளே பில்லில் ஏறிவிடும், மூன்று வாரம்தான் கிடைக்கும்.

பில்லில் மொத்தத் தொகைக்குப் பக்கத்தில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஒன்று இருக்கும். 20,000 பாக்கிக்கு 1,000 கட்டினால் போதும் என்பது மாதிரித் தெரியும். கட்டினால் அபராதம் வராது, சரி. ஆனால் மீதி 19,000க்கு மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வட்டி 665 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. கிட்டத்தட்ட 120. அடுத்த மாதமும் ஆயிரம் கட்டினால் அசலில் குறைவது 215 ரூபாய்தான்! அந்தப் பாக்கி இருக்கும் வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். குறைந்தபட்சம் மட்டும் கட்டிக் கட்டியே கடனில் சிக்கிய நல்ல சம்பளக்காரர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும். இன்னொன்று, கிரெடிட் கார்டைக் கொண்டு ஏ.டி.எம்.மில் பணம் எடுக்காதீர்கள். எடுத்த நாளே வட்டி தொடங்கும், கட்டணமும் தனி.

ப்ரீபெய்டு கார்டு எளிது. முன்கூட்டியே நீங்கள் போட்ட தொகை மட்டும்தான் அதில் இருக்கும், சேமிப்புக் கணக்கோடு தொடர்பு கிடையாது. ஹாஸ்டலில் படிக்கும் பிள்ளைக்குச் செலவுக்குக் கொடுக்க நல்லது, தொலைந்தாலும் போவது அந்தத் தொகை மட்டும்தான். இதிலேயே கிஃப்ட் கார்டு என்று ஒரு வகை உண்டு. அது 10,000 ரூபாய் வரைதான், ரொக்கமாக எடுக்க முடியாது, தீர்ந்தால் மறுபடி பணம் ஏற்றவும் முடியாது.

எந்தக் கார்டானாலும் பின்னையும் ஓ.டி.பி.யையும் யாரிடமும் சொல்லாதீர்கள். நாங்கள் கேட்கவே மாட்டோம், நான் போன் செய்து கேட்டால்கூடக் கொடுக்க வேண்டாம். தெரியாமல் பணம் போனால் உடனே கார்டை பிளாக் செய்து, சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் அழையுங்கள். மூன்று வேலை நாளுக்குள் சொல்வதும் பிறகு சொல்வதும் ஒன்றாகாது, தள்ளிப்போடத் தள்ளிப்போட இழப்பு உங்கள் தலையில் விழலாம்.

சரி, இப்போது உறையை இன்னும் பிரிக்காதவர்கள் வெளியே ஏ.டி.எம். பக்கம் வாருங்கள். பின் அமைக்க நான் கூட நிற்கிறேன், ஆனால் நம்பரை அழுத்தும்போது என்னையும் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். போனில் அந்தக் கிரெடிட் கார்டுக்குச் சரி என்று சொல்லிவிட்டு இப்போது வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் மூன்றாவது கவுண்டரில் பெயரைக் கொடுங்கள்.