வீடு, காணி, காசு பற்றிப் பிள்ளைகளுக்கு

கொட்டகலை
01.03.2026

அன்புள்ள புவனா, ரமேஷ், மோகன் மூவருக்கும்,

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது, கிளினிக் மருந்து குடிக்கிறார். இந்தக் கடிதத்தை மூன்று பிரதி எடுத்து உங்கள் மூவருக்கும் அனுப்புகிறேன். மூன்றிலும் ஒரே வரிகள்தான். போனில் சொன்னால் ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்கு வேறு மாதிரிப் போய்ச் சேரும், அதனால் எழுதுகிறேன்.

எனக்கு வருகிற ஆனியில் 74 முடிகிறது. வீடும் காணியும் காசும் யாருக்கு எப்படி என்பதை நான் நடமாட்டமாக இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும் என்று அம்மாவுடன் பேசினேன். அப்புறம் ஹட்டனில் நொத்தாரிசையும் பார்த்தேன். எழுதி வைக்காமல் நான் போய்விட்டால், சட்டப்படி என் சொத்தில் பாதி அம்மாவுக்கு, மீதிப் பாதி உங்கள் மூவருக்கும் சமமாக என்றார் அவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பிரிக்கப்படாத பங்கு. எந்த மூலை யாருடையது என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் தன் பங்கைத் தனித் துண்டாகப் பிரித்து விற்க நினைத்தாலும் மற்றவர்கள் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும், சரிவராவிட்டால் பாகப்பிரிவினை வழக்கு. அண்ணன் தம்பிகள் கோர்ட்டு வாசலில் முகம் பார்க்காமல் நிற்பதை இந்த ஊரிலேயே பார்த்திருக்கிறேன். நீங்கள் அப்படி நிற்கக் கூடாது.

மோகன், உன் மாமனார் வீட்டில் தேசவழமைப்படி பெண்ணுக்கு எது, ஆணுக்கு எது என்று பேச்சு வந்ததாகச் சொன்னாய். தேசவழமை யாழ்ப்பாணத்துத் தமிழருக்கு உள்ள சட்டம். நம்மைப் போன்ற தோட்டத்து ஆட்களுக்கு அது பொருந்தாது, நாட்டின் பொதுச் சட்டம்தான். அதன்படி என் சொத்தை நான் விரும்பியபடி எழுதலாம். அதனால் இனி எழுதுவதை என் விருப்பமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொட்டகலை வீடு. வீடும் அது நிற்கும் 14 பேர்ச் காணியும் புவனாவுக்கு. முழுதாக.

ரமேஷ், உனக்கு இது கஷ்டமாக இருக்கும் என்று தெரியும். அக்காவுக்குக் கல்யாணத்திலேயே நகை போட்டுச் சீதனம் கொடுத்தாயிற்றே என்று போன வருடம் நீ அம்மாவிடம் கேட்டாய். நியாயமான கேள்விதான், பதில் சொல்கிறேன். அந்த ஆறு பவுனை நான் வாங்கவில்லை. கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண் தன் சேமலாப நிதியை எடுக்கலாம் என்று விதி இருக்கிறது. கட்டுநாயக்கா கார்மென்ட்ஸில் உன் அக்கா சேர்த்த அந்தப் பணத்தில்தான் அவள் கழுத்தில் நகை ஏறியது. அவளுடைய காசையே அவளுக்குச் சீதனம் என்று நான் எப்படிக் கணக்கெழுதுவது?

அலமாரியில் பழைய பிஸ்கட் டின் ஒன்று இருக்கிறது. புவனா மாதாமாதம் அனுப்பிய மணி ஓடர்த் துண்டுகளும் அவற்றோடு வந்த சின்னச் சின்னக் கடிதங்களும் அதில் கிடக்கின்றன. போன வாரம் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்பிப் பார்த்தேன். 'சீமெந்துக்கு'. 'ரமேஷ் டியூஷனுக்கு'. 'தகரம் வாங்க, மிச்சத்தை அம்மா மருந்துக்கு வைக்கவும்'. ஒன்றில், ஓவர்டைம் குறைந்துவிட்டது, அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறாள். அப்போது அவளுக்கு இருபது வயது. சாதாரண தரப் பரீட்சையில் கணக்குக்கு டி எடுத்த பிள்ளை. மேலே படிக்க ஆசைப்பட்டாள். நான் ஃபெக்டரியில் ரோலரில் நின்றேன், அம்மா மலையில் கொழுந்து எடுத்தார். அந்த இரண்டு சம்பளத்தில் ஒரு வீடு எழும்பியிருக்காது. ரமேஷ் ஹட்டனில் உயர்தரம் படித்திருக்க முடியாது, மோகன் பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் கவலையில்லாமல் இருந்திருக்க முடியாது. நீங்கள் இரண்டு பேரும் உங்கள் பங்கைப் படிப்பாக முன்னமே வாங்கிவிட்டீர்கள். அக்கா வாங்கவில்லை. அதனால் இதைத் தானம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

வீட்டை நன்கொடை உறுதியாகவே எழுதப்போகிறேன். எனக்கும் அம்மாவுக்கும் ஆயுள் உரித்து வைத்துத்தான் எழுதுவோம். அதாவது எங்கள் இருவரில் கடைசி ஆள் இருக்கும் வரை இந்த வீட்டில் இருக்கும் உரிமை எங்களுடையது. புவனா, உறுதியில் ஏற்றுக்கொண்டதாக நீயும் கையெழுத்து வைக்க வேண்டும். இப்படிக் கொடுத்ததைப் பிறகு மனம் மாறித் திருப்பி எடுப்பது லேசல்ல என்று நொத்தாரிசு இரண்டு முறை சொன்னார். யோசித்துத்தான் சரி என்றேன்.

அந்த 14 பேர்ச்சை மூன்றாக வெட்டினால் என்ன என்று யாராவது கேட்கலாம். பின்பக்க மேட்டை உங்களுக்குத் தெரியும். டித்வா புயல் மழையில் அந்த மேட்டிலிருந்து மண் சரிந்து குசினிக் கானை மூடிவிட்டது, மண்வெட்டியால் ஒரு நாள் முழுக்க அள்ளினோம். இன்னொரு வீடு கட்ட வேண்டுமானால் அந்த மேட்டைத்தான் வெட்ட வேண்டும். 2014இல் மீரியாபெத்தையில் லயத்தோடு மண்ணுக்குள் போனவர்கள் நம்மைப் போன்ற சனங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் அந்த மேட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. புவனா, இது உனக்கும்தான். மேலே இருக்கும் மூங்கிலையும் வெட்டாதே.

ஒரு விஷயம் உறுதியில் எழுத மாட்டேன், இங்கே கேட்கிறேன். தீபாவளிக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் தம்பிமார் குடும்பத்தோடு வந்தால் முன் அறை அவர்களுக்கு இருக்க வேண்டும்.

அடுத்தது நாவலப்பிட்டிப் பக்கம் உள்ள தேயிலைக் காணி, அரை ஏக்கர். இது ரமேஷுக்கும் மோகனுக்கும், ஆளுக்கு 40 பேர்ச். உறுதி என் பேரிலும் அம்மா பேரிலும் இருப்பதால் அம்மாவும் கையெழுத்து வைப்பார். என் சேமலாப நிதியோடு அம்மா கூடை சுமந்த காலத்துச் சேமலாப நிதியும் சேர்ந்துதான் அந்தக் காணி வந்தது, இதை மறக்க வேண்டாம்.

எப்படிப் பிரிப்பது என்று நானே நடந்து பார்த்தேன். ரோட்டுப் பக்கம் ஒன்று, கீழே ஓடைப் பக்கம் ஒன்று என்று குறுக்கே வெட்டினால் மேல் துண்டுக்கு விலை கூடும், கீழ் துண்டுக்குப் பாதை இருக்காது. அதனால் ரோட்டிலிருந்து ஓடை வரை நீளவாக்கில் பிரிக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டு துண்டும் ரோட்டைத் தொடும், ஓடையையும் தொடும். கித்துள் மரம் நிற்கும் பக்கம் மோகனுக்கு, பலா நிற்கும் பக்கம் ரமேஷுக்கு. கித்துள் பக்கத்தில் தேயிலை வயதாகிவிட்டது, வெற்றிடமும் அதிகம், கொழுந்து குறைவு. ஆனால் அங்கே மிளகு நன்றாக ஏறியிருக்கிறது. மோகன் பக்கத்தில் ஹட்டனிலேயே இருக்கிறான், சனி ஞாயிறில் போய்ப் பார்த்து புதுக்கன்று நட அவனால் முடியும். கொழும்பில் கடை வைத்திருக்கும் ரமேஷுக்கு, ஆள் விட்டுக் கொழுந்து எடுத்தாலும் வருமானம் வரும் துண்டுதான் பொருந்தும். நடுவில் உள்ள ஊற்று இருவருக்கும் பொது. அதை நில அளவைப் படத்திலேயே குறிக்கச் சொல்லிவிட்டேன். விற்க நினைத்தால் முதலில் மற்றவரிடம் கேளுங்கள். கொழுந்துக் காசு இப்போது போலவே நாங்கள் இருக்கும்வரை எங்கள் செலவுக்கு.

மக்கள் வங்கியில் நிலையான வைப்பு 11 லட்சம் இருக்கிறது. அது அம்மாவும் நானும் சேர்ந்த கணக்கு. எனக்குப் பிறகு அம்மாவுக்கு, அம்மாவுக்குப் பிறகு மிச்சம் இருந்தால் மூவருக்கும் சமம். அம்மா இருக்கும்வரை அதில் யாரும் கடன் கேட்கக் கூடாது. கடைக்கோ, வேனுக்கோ, வெளிநாட்டுக்கோ, எதற்கும் வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பாகத்தான் சொல்கிறேன். என் செத்த வீட்டுச் செலவுக்குச் சேமிப்புப் புத்தகத்தில் தனியாகப் பணம் போட்டிருக்கிறேன், புத்தகம் அம்மாவிடம்.

நகை அம்மாவுடையது. அதை யாருக்குக் கொடுப்பது என்று அவர்தான் சொல்வார், நான் தலையிடமாட்டேன்.

போகவந்தலாவையில் அப்பாயி இருந்த லயத்துக் காம்பிராவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே இப்போது சித்தப்பா குடும்பம் இருக்கிறது. அப்பாயி மூன்று தலைமுறைக்கு அதில் விளக்கேற்றினாலும், லீக்ஸும் கரட்டும் போட்ட அந்தத் துண்டு நிலத்துக்கும் சேர்த்து, நம் கையில் ஓர் எழுத்தும் இல்லை. தோட்டத்துச் சொத்து. எனவே அதைப் பிரித்துக்கொடுக்க எனக்கு உரிமை கிடையாது. நாளைக்கே அரசாங்கம் 7 பேர்ச் காணியும் உறுதியும் என்று கொடுத்தால், அது அங்கே குடியிருக்கும் சித்தப்பா பிள்ளைகளுக்குத்தான். நம் வீட்டிலிருந்து யாரும் பங்கு கேட்டுப் போகக் கூடாது.

கடைசியாக, தாத்தாவின் பழைய தோல் பை மோகனிடம் இருக்கட்டும். 1949ஆம் வருடச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து அவர் வாங்கிய பிரஜாவுரிமைப் பத்திரம் அதற்குள் இருக்கிறது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போன பெரியப்பா எழுதிய கடிதங்களும் இருக்கின்றன. அந்தப் பத்திரம் இல்லாவிட்டால் நாமும் அந்தக் கப்பலில் ஏறியிருப்போம், பிரிக்க இங்கே ஒரு பேர்ச்சும் இருந்திருக்காது. மோகன், நீ வாத்தியார், பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டு. புழு அரிக்காமல் பார்த்துக்கொள்.

வீட்டு உறுதியும் காணி உறுதியும் இப்போதே எழுதப்படும். மற்றவற்றுக்கு மரண சாசனம். அதற்கு நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகள் வேண்டும். பங்கு பெறுகிறவர்கள் சாட்சியாக நிற்கக் கூடாது என்பதால், என்னோடு ஃபெக்டரியில் வேலை செய்த இருவரிடம் கேட்டிருக்கிறேன். முத்திரை வரியும் நொத்தாரிசு கட்டணமும் என் செலவு.

மனதில் வருத்தம் இருந்தால் எனக்கே எழுதுங்கள், அல்லது நேரில் வந்து சொல்லுங்கள். அம்மாவிடம் போனில் அழ வேண்டாம். அக்காவிடமும் யாரும் குத்திப் பேசக் கூடாது. அவள் இதை ஒரு நாளும் கேட்கவில்லை. போன மாதம் நான் சொன்னபோதுகூட, தம்பிமாருக்கும் கொடுங்கள் அப்பா என்றுதான் சொன்னாள். உங்களில் யாராவது சொல்லும் ஒரு விஷயம் எனக்குத் தெரியாத விஷயமாக இருந்தால், கையெழுத்துக்கு முன் நான் மாற்றவும் தயார். வீட்டைப் பற்றியது மட்டும் மாறாது.

சித்திரை வருடப்பிறப்புக்கு மூவரும் வருவீர்கள்தானே. லீவு முடிந்து 20ஆம் திகதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நொத்தாரிசு நேரம் தந்திருக்கிறார், அதனால் ஒரு நாள் கூடத் தங்குகிற மாதிரி வாருங்கள். ஆளுக்கு அடையாள அட்டையும் அதன் போட்டோக் கொப்பி இரண்டும் எடுத்து வரவும். ரமேஷ், உன் அட்டையில் எழுத்து அழிந்துவிட்டது என்றாயே, புதிதுக்கு இப்போதே கிராம சேவகரிடம் போய்ப் பாரப்பா.

அன்புடன்,
அப்பா