கடைசிப் பாண்டு விழுந்த மூலை

மழை ஒன்பது இருபதுக்குப் பிடித்தது. மேற்கே குடியாத்தம் பக்கம் மின்னல் வெட்டத் தொடங்கியபோதே முனுசாமி பீடியை அணைத்துவிட்டுப் பழைய பிளக்ஸ் பேனரைச் சுருளிலிருந்து பிரித்துவைத்திருந்தார். புரட்டாசி மழை காங்கேயநல்லூருக்குச் சொல்லிவிட்டு வராது. வந்தால் அரை மணி நேரம் கொட்டிவிட்டு ஆற்றுப் பக்கம் போய்விடும். அந்த அரை மணி நேரம்தான் பயம்.

அன்று காலை பத்து மணிக்குத்தான் கூரைக்குக் கான்கிரீட் தளம் போட ஆரம்பித்திருந்தார்கள். 24 அடிக்கு 30 அடி, கனம் 5 அங்குலம். கிழக்கு ஓரத்தில் முதல் பாண்டு கலவை விழுந்தது. நடுத்தளம் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் இடையில் நிரம்பியது. மேற்கே, மாடிப்படி மூலையில் கடைசிப் பாண்டு விழும்போது ஐந்து நாற்பது. முனுசாமி நேரத்தைச் சிமெண்ட் பையைக் கிழித்து எழுதிவைத்திருந்தார். ஒரே நாளில் போட்ட தளம் என்றாலும் ஒரே வயது கிடையாது. கிழக்கே பதினோரு மணி நேரம், மேற்கே நாலு மணி நேரம்கூட ஆகவில்லை.

காவலுக்கு வருவதற்கு முன்னால் இருபத்தாறு வருஷம் அவர் சென்ட்ரிங் வேலைதான் பார்த்தார். முழங்கால் போனபிறகுதான் டார்ச்சும் கம்பும்.

பேனரைத் தோளில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். முதலில் மேற்கு மூலை. கட்டைவிரலை அழுத்தினால் இன்னும் லேசாகப் பதிந்தது. துளி விழுந்த இடமெல்லாம் அம்மைத் தழும்பு போலக் குழி. ஓரப் பலகையின் இடுக்கு வழியாகச் சாம்பல் நிறத்தில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. வடிவது வெறும் தண்ணீர் இல்லை, சிமெண்ட் பால். இப்படியே விட்டால் காலையில் மேலே மணலும் ஜல்லியும் பல்லைக் காட்டும். பெருக்கப் பெருக்கத் தூள் வந்துகொண்டே இருக்கும்.

தூண் கம்பிகள் தளத்துக்கு மேலே மூன்றடி நீட்டிக்கொண்டிருந்தன. உட்பக்கக் கம்பிகளில் உயரமாகவும் வெளிப்பக்கக் கம்பிகளில் தாழ்வாகவும் பேனரின் கண்களைக் கட்டுக்கம்பியால் முறுக்கினார். தொய்வு விழாமல் நடுவில் ஒரு சவுக்குக் கழியைக் குறுக்கே கொடுத்தார். பேனர் கான்கிரீட்டில் படக்கூடாது. பட்டால் காற்றில் இழுபட்டு மேல்பூச்சையே வழித்துக்கொண்டு போகும்.

அதை முடித்துத் திரும்பும்போதுதான் டார்ச் வெளிச்சம் நடுத்தளத்தில் பளபளத்தது. ஆறடிக்கு எட்டடி இருக்கும், குளம் மாதிரி தண்ணீர் நின்றது.

கெட்டியான பக்கமாகச் சுற்றிப் போய் ஆணியால் கீறிப் பார்த்தார். வெள்ளைக் கோடு விழுந்தது, ஆணி இறங்கவில்லை. எட்டு மணி நேரமான கான்கிரீட். இறுகிவிட்டது. தண்ணீர் இனி அதற்குக் கெடுதல் இல்லை. நாளைக்கு நாமே பாத்தி கட்டி நிறுத்தப்போகிற தண்ணீர்தான். தீக்குச்சியை நட்டுப் பார்த்தார், பள்ளத்தின் நடுவில் அரை அங்குலத்துக்கு மேல் நனைந்தது. மட்டக்கோல் போட்டு இழுத்த தளம் நடுவில் எப்படிப் பள்ளமாகும்?

போன் அடித்தார். மேஸ்திரி பள்ளிகொண்டாவில் இருந்தார்.

"மேஸ்திரி, நடு பேனல்ல தண்ணி தேங்கிகினு கீது. அர அங்குலத்துக்கு மேல எறங்கிகீது."

"ஐயோ! பெரியவரே, தொடப்பத்தால தள்ளிட்டு ரெண்டு கிலோ சிமெண்ட்ட அப்பிடியே தூவி வுட்ரு. கீழ போயி ஆப்பு அடிச்சிக் கொஞ்சம் தூக்கிக் குடு. நான் காலைல பாத்துக்கறேன்."

"சிமெண்ட்டு தூவுனா பப்படமாட்டம் தனியா நிக்கும் மேஸ்திரி, பத்து நாள்ல உரிஞ்சிக்கும். தூக்கவும் மாட்டேன். எறுகிப்போன தளத்தத் தூக்குனா மேல வெடிப்பு வுடும். எறங்காம நிறுத்தறேன். நீ இஞ்ஜினியருக்கு ஒரு வார்த்த சொல்லிட்டு, ஜாக்கி இருந்தா எடுத்துகினு இப்பவே வா."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு வண்டிச் சாவி தேடுகிற சத்தம் கேட்டது.

தளத்துக்கு அடியில் உடனே நுழையவில்லை. வாசல் பக்கம் நின்று டார்ச்சை வரிசை வரிசையாக ஓட்டினார். பலகை முறியும் சத்தம் ஏதாவது வருகிறதா என்று காது கொடுத்தார். மழைச் சத்தமும், தூரத்தில் காட்பாடி ஜங்ஷனில் நுழைகிற ரயில் சத்தமும்தான். முட்டுகள் மூன்றடிக்கு ஒன்றாகச் சரியாகத்தான் நின்றன. நடுவில் மூன்று முட்டுகளின் அடியில் மட்டும் பலகை இல்லை, ஒற்றைச் செங்கல். செங்கல் மண்ணுக்குள் பாதி அமுங்கியிருந்தது. சுற்றிலும் வெளிறிய சேறு. மதியம் மிக்சர் கழுவிய தண்ணீர்! அது வாசல் வழியாக உள்ளே வந்து, போன மாதம் கொட்டிச் சரியாகத் திமிசு போடாத ரொப்பு மண்ணில் ஊறியிருக்கிறது. ஈரக் கான்கிரீட்டின் எடை சதுர அடிக்கு முப்பது கிலோ. ஒரு முட்டுக்கு ஒன்பது சதுர அடி. கால் மண்ணில் மெல்ல மெல்ல இறங்கியிருக்கிறது. மேலே இருந்தவர்கள் கவனிக்கவில்லை. மழைத் தண்ணீர் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது.

இப்போது மழைத் தண்ணீரும் அதே வாசல் வழியாக வந்துகொண்டிருந்தது. அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். மம்முட்டியால் வாசலுக்கு வெளியே ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டித் தெருப் பக்கம் திருப்பினார். வெட்டிய மண்ணையே குறுக்கே வரப்பாகப் போட்டு மிதித்தார்.

பிறகு உள்ளே போனார். அமுங்கிய முட்டுகளைத் தொடவில்லை. ஒவ்வொன்றுக்கும் அரையடி தள்ளிச் சேற்றை வழித்துவிட்டு, கெட்டி மண்ணில் இரண்டடி நீளச் சாரப் பலகையைப் படுக்கவைத்தார். அதன்மேல் எதிரெதிராக இரண்டு ஆப்பு, ஆப்பின்மேல் புதுச் சவுக்கு. தலை, ஷீட்டுகளைத் தாங்கிக் குறுக்கே ஓடும் ரன்னரில் முட்டியதும் சுத்தியலால் மாற்றி மாற்றித் தட்டினார். கழியை விரல் கணுவால் தட்டினால் 'தொப்' என்றது 'டங்' என்று மாறியது. அதோடு நிறுத்தினார். இன்னும் ஒரு அடி அடித்தால் தூக்க ஆரம்பிக்கும். மூன்றாவது முட்டு நிற்கும்போது மணி பத்தரை தாண்டியிருந்தது. முழங்கால் வலி இடுப்புவரை ஏறியிருந்தது.

கடைசியாக, எதிரெதிர்த் தூண்களுக்கு இடையில் மட்டநூலை இழுத்துக் கட்டினார். தூண் ஒரு மாதத்துக்கு முன் போட்டது, அசையாது. நடுவில் தளத்தின் அடி ஷீட்டுக்கும் நூலுக்கும் இடையில் சரியாக நாலு விரல் இருந்தது. அந்த அளவுக்கு ஒரு ரீப்பர் துண்டை அறுத்து வைத்துக்கொண்டார்.

மேஸ்திரி நனைந்தபடி இரண்டு ஜாக்கியோடு வந்தபோது மழை விட்டிருந்தது. நூலைப் பார்த்தார். வாய்க்காலைப் பார்த்தார். செங்கல் அமுங்கியிருந்த இடத்தில் வெகுநேரம் குனிந்து நின்றார்.

"இந்த மூணுக்குப் பலக வெக்கச் சொன்னேன் மாமா. பசங்க மறந்துட்டானுங்க."

"போடறதுக்கு முன்னாடி நீ ஒருவாட்டி குனிஞ்சி பாத்திருக்கணும்."

மேஸ்திரி மறுபேச்சு பேசவில்லை. ஜாக்கிகளுக்குப் பலகை தேடப் போனார்.

காலை ஏழு மணிக்கு இஞ்ஜினியர் மேலே நூல் பிடித்துப் பார்த்தார். 14 மில்லிமீட்டர் இறக்கம். அடியில் போய் டார்ச் அடித்து வெடிப்பு தேடினார், இல்லை. நடுவில் நின்ற தண்ணீரை அப்படியே விடச் சொன்னார். மேற்கு மூலையில் பேனர் கட்டுவதற்கு முன் அரிபட்ட இரண்டு கைப்பிடி இடத்தை மட்டும், கியூரிங் முடிந்ததும் கம்பி பிரஷால் தேய்த்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார்.

"நடுப் பேனல் முட்டு 7 நாள்ல பிரிக்கறது வேணாம். 14 நாள் நிக்கட்டும்."

முனுசாமி சுண்ணாம்புக் கட்டியால் புது முட்டு மூன்றிலும், ஜாக்கி இரண்டிலும் தேதியை எழுதினார். வீட்டுக்குக் கிளம்பும்முன் ரீப்பர் துண்டை நூலுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் இன்னொரு முறை நிறுத்திப் பார்த்தார். மேலும் இல்லை, கீழும் இல்லை. துண்டை மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.